120 ஹெர்ட்ஸ் லேப்டாப்பில் கேம் ஏன் 60-ல் ஓடுகிறது?

லேப்டாப் கடையில் இப்போது ராம் எவ்வளவு, எஸ்எஸ்டி எவ்வளவு என்பதோடு இன்னொரு எண்ணையும் அழுத்திச் சொல்கிறார்கள். திரை 120 ஹெர்ட்ஸ், 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் என்கிறார்கள். 60 ஹெர்ட்ஸ் திரையைவிட இதற்குக் கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்குகிறோம். வீட்டுக்கு வந்து விண்டோஸில் Settings, System, Display, Advanced display என்று வரிசையாகத் திறந்து பார்த்தால், பல லேப்டாப்களில் அந்த எண்ணின் பக்கத்தில் Dynamic refresh rate என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. சில பழைய விண்டோஸ் 11 பதிப்புகளில் அது தனி ஸ்விட்சாக இல்லாமல், ஹெர்ட்ஸ் பட்டியலிலேயே Dynamic (60 Hz or 120 Hz) என்று ஒரு வரியாக இருக்கும்.

இந்த ஸ்விட்ச் ஆன் ஆகியிருந்தால், நாம் வாங்கிய 120 ஹெர்ட்ஸ் எப்போதும் ஓடாது. நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்து விண்டோஸ் 60-க்கும் 120-க்கும் இடையே மாற்றிக்கொண்டே இருக்கும். அலுவலக வேலைக்கு இது நல்ல ஏற்பாடு. கேம் விளையாடுகிறவர்கள் மட்டும் இதைச் சற்றுக் கவனித்துப் பார்த்துவிட வேண்டும்.

திரை ஒரு வினாடியில் எத்தனை முறை புதிதாகப் படம் வரைகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ் கணக்கு. 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லிவினாடி. 120 ஹெர்ட்ஸ் என்றால் 8.3 மில்லிவினாடி. கண் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் இடங்கள் குறைவு. நீளமான ஒரு செய்திப் பக்கத்தை விரலால் வேகமாகத் தள்ளும்போது எழுத்துகள் 60-ல் மங்கலாக ஓடும், 120-ல் ஓடும்போதே ஓரளவு படிக்க முடியும். டிஜிட்டல் பேனாவால் திரையில் எழுதும்போது, பேனா முனைக்கும் மையின் நுனிக்கும் இடையே 60-ல் தெரியும் இடைவெளி 120-ல் குறையும். அதே திரையில் ஒரு வேர்ட் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தை யோசிக்கும்போது, 60 ஓடுகிறதா 120 ஓடுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. எதுவுமே நகராத படத்தை எத்தனை முறை திரும்ப வரைந்தாலும் அதே படம்தான்.

ஆனால் அப்படித் திரும்பத் திரும்ப வரைவதற்கு பேட்டரி செலவாகிறது. 2560-க்கு 1600 புள்ளிகள் கொண்ட ஒரு 14 அங்குலத் திரையை எடுத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கு ஏறத்தாழ 41 லட்சம் புள்ளிகள். 60 ஹெர்ட்ஸில் ஒரு வினாடிக்குச் சுமார் 24.6 கோடி புள்ளிகளைக் கிராஃபிக்ஸ் சிப் நினைவகத்திலிருந்து எடுத்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். 120-ல் அது 49 கோடியைத் தாண்டுகிறது. திரைக்குள் இருக்கும் மின்சுற்றும் அத்தனை புள்ளிகளையும் அத்தனை முறை இயக்க வேண்டும். சார்ஜரில் இருக்கும்போது இது பெரிய விஷயமில்லை. ரயிலிலோ வகுப்பறையிலோ பேட்டரியில் ஓடும்போது, கண்ணுக்கே தெரியாத ஒரு வித்தியாசத்துக்காகச் சார்ஜ் கரைந்துகொண்டிருக்கும்.

முன்பெல்லாம் இதற்கு ஒரே வழிதான் இருந்தது. பேட்டரிக்குப் போகும்போது நாமே 60-க்கு இறக்குவது, திரும்பி வந்ததும் ஏற்றுவது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் திரை ஒரு கணம் கறுத்துவிட்டு வரும், ஏனென்றால் கிராஃபிக்ஸ் சிப்பும் திரையும் புதிய வேகத்துக்கு முதலிலிருந்து ஒத்துப்போக வேண்டியிருந்தது. ஸ்க்ரோல் செய்யும் ஒவ்வொரு முறையும் திரை கறுத்தால் யாரும் சகிக்க மாட்டார்கள். அதனால் தானாக மாறும் ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவரவில்லை.

2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது மைக்ரோசாஃப்ட் இந்த முடிச்சை அவிழ்த்தது. கேமுக்காக ஏற்கெனவே உருவாகியிருந்த வேரியபிள் ரிஃப்ரெஷ் ரேட் என்ற தொழில்நுட்பத்தை அது வேறொரு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டது. திரை ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரைந்து முடித்ததும், அடுத்த படத்தைத் தொடங்கும் முன் ஒரு சிறு இடைவேளை இருக்கும். வேரியபிள் ரிஃப்ரெஷ் ரேட் வசதியுள்ள திரையில் அந்த இடைவேளையை வேண்டிய அளவு நீட்டலாம். 120 ஹெர்ட்ஸ் வேகத்திலேயே ஒரு படத்தை வரைந்து முடித்துவிட்டு, உடனே அடுத்ததைத் தொடங்காமல் கூடுதலாக 8.3 மில்லிவினாடி காத்திருந்தால், கணக்குப்படி அது 60 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். திரை எதையும் முதலிலிருந்து தொடங்கவில்லை, காத்திருக்கும் நேரம் மட்டும் கூடியிருக்கிறது. அதனால்தான் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த வசதிக்கு விண்டோஸ் கேட்கும் தகுதிகளும் இங்கிருந்தே வருகின்றன. லேப்டாப்பின் சொந்தத் திரைக்கு வேரியபிள் ரிஃப்ரெஷ் ரேட் இருக்க வேண்டும், குறைந்தது 120 ஹெர்ட்ஸ் வேண்டும், கிராஃபிக்ஸ் டிரைவர் WDDM 3.0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பார்ப்பது எளிது. ஸ்டார்ட் மெனுவில் dxdiag என்று தட்டி, Display என்ற பக்கத்தில் Driver Model என்ற வரியைப் பாருங்கள். அங்கே 2-ல் தொடங்கும் எண் இருந்தால் டிரைவர் பழையது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரைப் போட்டதும் காணாமல் போயிருந்த ஸ்விட்ச் தோன்றக்கூடும். டிரைவர் புதிதாக இருந்தும் ஸ்விட்ச் இல்லையென்றால், பெரும்பாலும் திரைக்கே அந்த வசதி கிடையாது. 120 என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒரு திரையால் இடைவேளையை நீட்ட முடியும் என்று ஆகிவிடாது.

சரி, எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று யார் சொல்கிறார்கள்? நாம் என்ன செய்கிறோம் என்பதை விண்டோஸ் ஊகித்துக்கொள்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது பெருமளவு கேட்டு வாங்கும் ஏற்பாடு. திரையில் திறந்திருக்கும் எல்லா ஜன்னல்களையும் சேர்த்து ஒரே படமாக்கும் வேலையை விண்டோஸின் ஒரு பகுதி செய்கிறது. இயல்பில் அது 60 ஹெர்ட்ஸ் தாளத்தில் ஓடும். ஒரு செயலிக்கு வழுவழுப்பு தேவைப்படும்போது, கொஞ்ச நேரத்துக்குத் தாளத்தை ஏற்று என்று அந்தப் பகுதியிடம் கேட்க ஒரு வழியை மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கிறது. பேனா திரையைத் தொட்டாலோ, ஆதரவுள்ள செயலியில் ஸ்க்ரோல் தொடங்கினாலோ அந்தக் கோரிக்கை போகும், திரை 120-க்கு ஏறும். கை நின்றதும் சற்று நேரத்தில் 60-க்கு இறங்கிவிடும். தொடக்கத்தில் ஆஃபீஸ் செயலிகள், எட்ஜ் போன்ற மைக்ரோசாஃப்டின் சொந்த மென்பொருள்கள்தான் இதை அதிகம் பயன்படுத்தின.

இப்போது ஒரு பழைய கேமின் நிலையை யோசித்துப் பாருங்கள். இப்படிக் கேட்க ஒரு வழி உண்டு என்பதே 2018-ல் எழுதப்பட்ட அந்த கேமுக்குத் தெரியாது. அது தொடங்கும்போது விண்டோஸிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்தத் திரையின் வேகம் என்ன? டைனமிக் நிலையில் இருக்கும் விண்டோஸ், இப்படிப்பட்ட பழைய கேள்விக்கு 60 என்று பதில் சொல்லக்கூடும். கேம் அதை நம்பி 60-க்கு ஏற்பத் தன் தாளத்தை அமைத்துக்கொள்ளும். எல்லா கேமும் இப்படி மாட்டிக்கொள்வதில்லை. திரையை முழுதாகத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு வேகத்தைத் தானே தேர்வு செய்யும் கேம்கள் தப்பித்துவிடும். விண்டோஸ் பதிப்பு, டிரைவர், கேம் மூன்றும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஒரே லேப்டாப்பில் ஒரு கேம் 120-லும் இன்னொன்று 60-லும் ஓடுவது இதனால்தான். ஆகவே ஊகிக்காமல் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவன் லேப்டாப்பும் மேலே சொன்ன அதே அளவுத் திரை கொண்டது, 120 ஹெர்ட்ஸ். கார் பந்தய கேம் ஒன்றை விளையாடிக்கொண்டிருந்தவன் என்னிடம் கொண்டுவந்து காட்டினான்.

"மாமா, எஃப்பிஎஸ் 110 காட்டுது. ஆனா ஃப்ரெண்டு லேப்டாப்ல இதே கேம் இன்னும் ஸ்மூத்தா இருக்கு. அவனுக்கு 100தான் வருது."

"அந்த 110 எங்க இருந்து வருதுடா?"

"மேல மூலைல, கேம்லயே காட்டுது."

அந்த மூலையில் தெரிந்த எண் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் நினைத்ததை அது அளக்கவில்லை. எஃப்பிஎஸ் என்பது கிராஃபிக்ஸ் சிப் ஒரு வினாடியில் எத்தனை படங்களைத் தயாரிக்கிறது என்ற கணக்கு. ஹெர்ட்ஸ் என்பது திரை எத்தனை படங்களைக் காட்டுகிறது என்ற கணக்கு. ஹோட்டல் கல்லில் நிமிஷத்துக்கு எத்தனை தோசை வேகிறது என்பதும், பரிமாறுகிறவர் இலைக்கு எத்தனை கொண்டுவருகிறார் என்பதும் வேறு வேறு. சிப் 110 படங்களைத் தயாரித்தும், திரை 60 முறைதான் புதுப்பிக்கிறது என்றால் மீதி 50 படங்கள் கண்ணுக்கு வராமலே போகின்றன. சிப் சூடாகிறது, ஃபேன் சத்தம் போடுகிறது, பார்ப்பவருக்குக் கிடைப்பது 60.

தனி மானிட்டராக இருந்தால் பலவற்றில் ஒரு பட்டனை அழுத்தி இப்போதைய ஹெர்ட்ஸை மானிட்டரிடமே கேட்டுக்கொள்ளலாம். லேப்டாப் திரைக்கு அப்படி ஒரு மெனு கிடையாது. Advanced display பக்கத்தில் பார்க்கலாம் என்றால், அதைப் பார்க்க கேமை விட்டு வெளியே வந்தாக வேண்டும், வெளியே வந்ததும் நிலைமை மாறிவிடும். அதனால் கேமுக்குள்ளேயே செய்யக்கூடிய ஒரு சோதனையைத்தான் நான் நம்புகிறேன். அதற்கு V-Sync என்ற அமைப்பு உதவுகிறது. V-Sync ஆன் ஆனதும், திரை புதுப்பிக்கும் தாளத்தைத் தாண்டி கேம் படம் தள்ளாது. அதாவது அந்த நேரம் எஃப்பிஎஸ் எண்ணின் உச்சவரம்பு திரையின் ஹெர்ட்ஸாகவே இருக்கும். தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றால் அளக்கிறோம்.

செய்முறை இதுதான். சார்ஜரை மாட்டுங்கள். கேமின் கிராஃபிக்ஸ் தரத்தை எல்லாம் Low-க்கு இறக்குங்கள், சிப்புக்குப் பாரம் குறைந்து அது 120-க்கு மேல் தயாரிக்கும் நிலையில் இருக்க வேண்டும். கேமுக்குள் படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் அமைப்பு இருந்தால் அதை நீக்குங்கள். V-Sync-ஐ ஆன் செய்யுங்கள். எஃப்பிஎஸ் காட்டும் வசதி கேமில் இல்லையென்றால் விண்டோஸ் பட்டனையும் G-யையும் சேர்த்து அழுத்தினால் Game Bar வரும், அதில் Performance பெட்டியில் FPS இருக்கும். முதல் தடவை அது அனுமதி கேட்கும், கொடுத்துவிட்டு ஒருமுறை லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்ய நேரலாம். பிறகு மெனுவில் நிற்காமல் ஆட்டத்துக்குள்ளேயே போய்ப் பாருங்கள். பல கேம்கள் மெனுவை மட்டும் வேண்டுமென்றே 60-ல் ஓட்டும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

அக்கா மகனின் லேப்டாப்பில் V-Sync ஆன் செய்ததும் 110 என்ற எண் 60-க்கு விழுந்து அங்கேயே ஆணி அடித்தது போல நின்றது. தரத்தை எவ்வளவு இறக்கினாலும் 61 வரவில்லை. சிப்பால் முடியாமல் நிற்கும் எண் இப்படி நிற்காது, காட்சிக்குக் காட்சி ஏறி இறங்கும். அசையாமல் 60-ல் நின்றால் திரையின் தாளம் 60 என்று அர்த்தம்.

கேமிலிருந்து வெளியே வந்து Advanced display பக்கத்தில் Dynamic refresh rate ஸ்விட்சை ஆஃப் செய்து, கீழே உள்ள பட்டியலில் 120 Hz-ஐத் தேர்ந்தெடுத்தோம். இந்த இரண்டாவது வேலையை மறந்துவிடக் கூடாது. ஸ்விட்சை அணைத்ததும் பட்டியலில் 60-தான் தேர்வாகி இருக்கிறது என்றால், டைனமிக்கை எடுத்துவிட்டு நிரந்தரமாக 60-ல் போய் உட்கார்ந்துகொண்டதாக ஆகும். தேர்வு செய்தபின் கேமை முழுதாக மூடித் திறக்க வேண்டும், தொடங்கும்போது கேட்ட பதிலைத்தான் பல கேம்கள் கடைசிவரை வைத்துக்கொள்கின்றன. திரும்ப V-Sync சோதனை செய்தபோது Low தரத்தில் 120 வந்தது. அவன் வழக்கமாக விளையாடும் தரத்துக்கு ஏற்றியபோது 85-க்கும் 110-க்கும் இடையே ஓடியது.

கேமுக்குள்ளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்சி முறை என்ற இடத்தில் Fullscreen, Borderless, Windowed என்று மூன்று இருக்கும். உண்மையான ஃபுல்ஸ்கிரீனில் கேமே திரையின் வேகத்தைத் தேர்வு செய்யும், பக்கத்தில் ஹெர்ட்ஸ் பட்டியலும் இருக்கும். அங்கே 60 இருந்தால் விண்டோஸில் நீங்கள் 120 வைத்தும் பயனில்லை, கேமிலும் மாற்ற வேண்டும். பார்டர்லெஸ்ஸில் கேம் ஒரு பெரிய ஜன்னல் மாதிரிதான், டெஸ்க்டாப் என்ன வேகத்தில் இருக்கிறதோ அதுதான் கேமுக்கும். டைரக்ட்எக்ஸ் 12-ல் எழுதப்பட்ட புதிய கேம்களில் ஃபுல்ஸ்கிரீன் என்று எழுதியிருந்தாலும் உள்ளே நடப்பது பெரும்பாலும் பார்டர்லெஸ்தான். அவற்றில் ஹெர்ட்ஸ் பட்டியலே இல்லாமல் போவது இதனால்தான். அப்படிப்பட்ட கேமுக்கு டெஸ்க்டாப்பில் 120-ஐ நிலையாக வைப்பதுதான் உறுதியான வழி.

இதோடு வேலை முடிந்துவிட்டது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் விடும் இடம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கேம் சீராக 90 எஃப்பிஎஸ் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படமும் தயாராக 11.1 மில்லிவினாடி ஆகிறது. திரையோ 8.3 மில்லிவினாடிக்கு ஒருமுறை மட்டும் கதவைத் திறக்கிறது. முதல் படம் 11.1-ல் தயாராகி 16.7 வரை காத்திருக்கிறது. இரண்டாவது 22.2-ல் தயாராகி 25-ல் திரைக்கு வருகிறது. மூன்றாவது 33.3-ல் தயாராகி உடனே வருகிறது. நான்காவது 44.4-ல் தயாராகி 50 வரை காத்திருக்கிறது. திரையில் தெரிந்த நேரத்தைப் பாருங்கள்: முதல் இரண்டு படங்கள் ஆளுக்கு 8.3 மில்லிவினாடி, மூன்றாவது 16.7. இது திரும்பத் திரும்ப நடக்கும். சராசரி 90 என்று எண் சரியாகக் காட்டும், ஆனால் வளைவில் கார் திரும்பும்போது சாலையோர மரங்கள் மெல்லத் துடித்துத் துடித்து நகரும். பழைய பாணி V-Sync கொண்ட சில கேம்களில் இன்னும் மோசம். ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருந்து, 90 கொடுக்க முடிந்தும் 60-க்கு இறங்கிவிடும்.

இதற்குத் தீர்வு வேரியபிள் ரிஃப்ரெஷ் ரேட். அது இருக்கும்போது திரை கேமுக்காகக் காத்திருக்கும். படம் 11.1 மில்லிவினாடியில் தயாரானால் அப்போது புதுப்பிக்கும், அடுத்தது 9.5-ல் வந்தால் அப்போது புதுப்பிக்கும். மேலே சொன்ன 90 எஃப்பிஎஸ் சீராகவே தெரியும். டைனமிக், வேரியபிள் என்ற இரண்டையும் பலர் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். திரைக்கு வேண்டிய திறன் இரண்டுக்கும் ஒன்றேதான், அதனால் குழப்பம் இயல்பு. டைனமிக் என்பது பேட்டரிக்காக, 60-ல் இருப்பதா 120-ல் இருப்பதா என்று விண்டோஸ் எடுக்கும் முடிவு. வேரியபிள் என்பது கேமுக்காக, ஒவ்வொரு படம் தயாராவதற்கும் ஏற்பத் திரை நடந்துகொள்வது. கேம் நேரத்தில் முதலாவதை ஆஃப் செய்ய வேண்டும், இரண்டாவதை ஆன் செய்ய வேண்டும். டைனமிக்கை அணைத்தால் திரையின் திறன் போய்விடாது, அதனால் அந்தப் பயம் வேண்டாம்.

வேரியபிளுக்கான இடம் வேறு. Settings, System, Display, அதற்குள் Graphics என்ற பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே பொது அமைப்புகளில் Variable refresh rate என்று ஒரு ஸ்விட்சும், Optimizations for windowed games என்று இன்னொன்றும் இருக்கும். இரண்டாவது, டைரக்ட்எக்ஸ் 10, 11-ல் எழுதப்பட்ட கேம்கள் ஜன்னலாகவோ பார்டர்லெஸ்ஸாகவோ ஓடும்போது, அவற்றின் படங்கள் பழைய சுற்றுவழியில் போகாமல் நேராகத் திரைக்குப் போக உதவுகிறது. பார்டர்லெஸ்ஸில் விளையாடுகிறவர்கள் இரண்டையும் ஆன் செய்துவிடுவது நல்லது. என்விடியா சிப் உள்ள லேப்டாப்பில் அதன் கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்றால் அதற்கும் காரணம் உண்டு. பல லேப்டாப்களில் திரைக்கான இணைப்பு இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்பிலிருந்துதான் வருகிறது. என்விடியா சிப் படத்தைத் தயாரித்து அதனிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆகவே திரையின் வேகம் பற்றிய அமைப்புகளை அந்த இன்டெல் அல்லது ஏஎம்டி மென்பொருளில்தான் தேட வேண்டும்.

மக்ஸ் ஸ்விட்ச் உள்ள லேப்டாப்பில் திரையை நேராக என்விடியா சிப்போடு இணைக்கலாம். அப்படி மாற்றியதும் விண்டோஸின் டைனமிக் ஸ்விட்ச் காணாமல் போனால் பயப்பட வேண்டாம். திரையை இயக்கும் சிப் மாறிவிட்டது, டிரைவரும் மாறிவிட்டது, அதனால் விண்டோஸ் பார்க்கும் தகுதிகளும் மாறுகின்றன. பழைய நிலைக்குத் திரும்பினால் அது திரும்ப வரும்.

எல்லாம் சரியாக வைத்த பிறகும் எண் எங்காவது மாட்டிக்கொண்டு நிற்கலாம். எந்த எண்ணில் நிற்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். சார்ஜரை எடுத்ததும் 30-ல் நின்றால், என்விடியாவின் Battery Boost வேலை செய்கிறது, அதன் மென்பொருளில் அணைக்கலாம். சார்ஜரை எடுத்ததும் 60-ல் நின்றால், லேப்டாப் நிறுவனம் தந்திருக்கும் மேலாண்மைச் செயலியைப் பாருங்கள். பேட்டரிக்குப் போனதும் திரையை 60-க்கு இறக்கும் அமைப்பு அதில் தனியாக இருக்கலாம், அது விண்டோஸின் டைனமிக்கோடு சம்பந்தமில்லாதது. இன்டெல் கிராஃபிக்ஸ் மென்பொருளிலும் பேட்டரியில் வேகத்தைக் குறைக்கும் வசதி சில பதிப்புகளில் உண்டு. லேப்டாப் கீபோர்டிலேயே இதற்கென்று ஒரு குறுக்குவழி இருந்து, கை தவறிப் பட்டு மாறியிருக்கவும் கூடும். லெனோவாவின் லீஜியன் வரிசையில் Fn, R இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஹெர்ட்ஸ் மாறும்.

120 ஹெர்ட்ஸ் திரையில் 116-ல் நின்றாலோ, 144 திரையில் 138-ல் நின்றாலோ எதையும் மாற்ற வேண்டாம். ஜி-சிங்க், V-Sync, ரிஃப்ளெக்ஸ் மூன்றும் ஒன்றாக இருக்கும்போது என்விடியா வேண்டுமென்றே உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துகிறது. உச்சத்தை முட்டினால் படங்கள் வரிசையில் தேங்கி, நாம் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதம் கூடும்.

பேட்டரியிலேயே விளையாட நினைப்பவர்களுக்கு நான் 120-ஐப் பரிந்துரைக்க மாட்டேன். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் சிப்களுக்குக் கொடுக்கும் மின்சாரத்தையே வெகுவாகக் குறைத்துவிடும். சார்ஜரில் 100 கொடுத்த கேம் 50-க்கும் கீழே போவது சாதாரணம். தயாரிக்கவே முடியாத படங்களுக்காகத் திரையை மட்டும் 120-ல் ஓட்டுவதில் பலனில்லை. அந்த நேரத்தில் கேமுக்குள் 40 அல்லது 60 என்று வரம்பு வைத்துக்கொண்டால் ஆட்டம் சீராகவும் இருக்கும், சூடும் குறையும்.

கேம் முடிந்ததும் டைனமிக்கைத் திரும்ப ஆன் செய்யும் வேலை நம்முடையதுதான். இந்த கேம் ஓடும்போது மட்டும் டைனமிக் வேண்டாம் என்று குறித்து வைக்க விண்டோஸின் செட்டிங்ஸில் ஓர் இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த கேம் எந்தச் சிப்பில் ஓட வேண்டும் என்று Graphics பக்கத்தில் ஏற்கெனவே தனித்தனியாக வைக்க முடிகிறது, ஹெர்ட்ஸுக்கும் அதே பக்கத்தில் ஒரு வரி போதும். அதுவரை, அக்கா மகனுக்கு நான் செய்து கொடுத்த ஏற்பாடு எளிமையானது. கீழ்க்கண்டதை Win+R அழுத்தித் தட்டினால் நேராக ஹெர்ட்ஸ் இருக்கும் பக்கமே திறக்கும்:

```
ms-settings:display-advanced
```

இதையே டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட்டாக வைத்துக்கொண்டான். விளையாட உட்காரும்போது அதைத் திறந்து டைனமிக்கை அணைத்து 120 வைப்பான், முடித்ததும் அதே இடத்தில் ஆன் செய்துவிடுவான். ஒருநாள் மறந்து 120-லேயே கல்லூரிக்கு எடுத்துப் போனாலும் லேப்டாப்புக்கு எந்தக் கெடுதலும் இல்லை, அன்றைக்கு பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான்.